படிக்காமல் போட்ட கையெழுத்து

கேள்வி: கன்னடம் படிக்கத் தெரியாத ஒருவர், கன்னடத்தில் எழுதிய கடை வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் அது செல்லுமா?

பதில்: செல்லும். கையெழுத்துக்கு மொழி தெரிய வேண்டியதில்லை, பேனா தெரிந்தால் போதும்! ‘படிக்கத் தெரியாது’ என்பது மட்டும் விடுதலை தராது. யாரேனும் தவறாகப் படித்துக் காட்டி ஏமாற்றினார்கள் என்பதைக் கையெழுத்திட்டவரே நிரூபிக்க வேண்டும்.

அந்த ஏமாற்று இருவகை என்று 1968-இல் உச்ச நீதிமன்றம் பிரித்தது. வாடகைச் சீட்டு என்று சொல்லிக் கடன் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினால், பத்திரத்தின் தன்மையே வேறு. அது தொடக்கத்திலேயே செல்லாது. வாடகைச் சீட்டுதான், ஆனால் 11 மாதம் என்று படித்த இடத்தில் 5 ஆண்டு என்றிருந்தால், அது உள்ளடக்கப் பொய். ரத்து செய்யும் வரை அது உயிரோடிருக்கும். உண்மை தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும்.

கையெழுத்துக்கு முன்பே மொழிபெயர்ப்பு வாங்குவது இதைவிட மலிவு. மொழிபெயர்ப்பவர் கடை உரிமையாளரின் மைத்துனராக இருக்கக்கூடாது. தொகை, காலம், முன்பணம், காலி செய்யும் நிபந்தனை ஆகியவற்றை மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். ‘தமிழில் படித்து விளக்கப்பட்டது’ என்ற குறிப்பை, விளக்கியவர் கையெழுத்துடன், பத்திரத்திலேயே சேர்க்கலாம். ஆனால் விளக்காமலே அந்த வரியில் கையெழுத்திட்டால், அதுவே பின்னாளில் எதிர்சாட்சி. இரு மொழிப் பிரதிகளும் முரண்பட்டால் எது செல்லும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.