அறுபது நாள் தாராளம்

ஈரோட்டு ஜவுளி மொத்த வியாபாரி ஒருவர் கடன் கெடுவை 30 நாளிலிருந்து 60 ஆக்கினார் என்று வையுங்கள். ஆண்டு விற்பனை 120 லட்சத்திலிருந்து 150 லட்சமாகிவிட்டது. கூடுதல் 30 லட்சத்தில் சரக்குச் செலவு போக 20 சதவீதம், ஆக 6 லட்சம் லாபம். கடையில் எல்லோருக்கும் பால்கோவா. முதலாளி அத்தோடு கால்குலேட்டரை மூடிவிட்டார்.

மூடாமல் தட்டியிருந்தால்? மொத்த விற்பனையில் வாராக்கடன் 1 சதவீதம் 3 ஆனதில் 3.3 லட்சம் போச்சு. வசூல் பையனின் சம்பளம், பெட்ரோல், “வெள்ளிக்கிழமை பெட்டியிலிருந்து பணம் எடுக்கறதில்ல தம்பி” என்பவர்களிடம் மறுநடை: 1.2 லட்சம். மிச்சம் 1.5 லட்சம்.

வரவேண்டிய பாக்கியோ 10 லட்சத்திலிருந்து 25 ஆகிவிட்டது. கூடுதலாய் முடங்கிய 15 லட்சம் ஈட்டுவது 10 சதவீதம். அந்தப் பணத்துக்கு வங்கி ஓ.டி. வட்டி 12.

இந்த 15 லட்சத்தில் புதுக் கடைகளின் பாக்கி 5 லட்சம்தான். மீதி 10 லட்சம், ஒரு முழம் துணிகூட அதிகம் வாங்காத பழைய வாடிக்கையாளர்களுடையது. முப்பதாம் நாள் தவறாமல் செக் கொடுத்த உத்தமர்கள். கெடு நீண்ட சேதி அவர்களுக்குத்தான் முதலில் எட்டியது.