முடி வளர்ந்ததாக நிரூபிக்கும் நாட்குறிப்பு

வழுக்கைக்கு மினாக்ஸிடில் தடவ ஆரம்பித்துவிட்டீர்களா? இனி தலையைவிட முக்கியமானது உங்கள் கைப்பேசி. மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்பதைத் தேதியிட்ட படங்கள் காட்டிக்கொடுத்துவிடும். அந்த ஆபத்திலிருந்து தப்பிக்கும் வழிகளைக் கீழே தருகிறேன்.

முதல் படத்துக்கு உகந்த இடம் குளியலறை. தலைக்குக் குளித்துவிட்டு, துவட்டாமல், உச்சிக்கு நேர் மேலே எரியும் விளக்கின் கீழ் நில்லுங்கள். ஈர முடி கற்றை கற்றையாக ஒட்டிக்கொள்ள, இடையில் மண்டை பளபளக்கும். தேங்காயெண்ணெயைத் தாராளமாகத் தேய்த்துக்கொண்டாலும் இதே பலன்தான். ஆறு மாதம் கழித்து எடுக்கும் படத்துக்கோ ஷாம்பூ போட்டு, நன்றாக உலர்த்தி, ஜன்னலோர வெளிச்சத்தில் நில்லுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உங்களுக்கே கண் கலங்கும். மருந்து பாட்டிலைத் திறக்காமலேயே இந்த முன்னேற்றத்தை அடையலாம் என்பது கூடுதல் வசதி.

நீளத்தையும் மறக்க வேண்டாம். தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும். முடிவெட்டிய அன்றே முதல் படம், அதன்பிறகு மூன்று மாதம் கத்திரியே படாமல் அடுத்த படம் என்று வைத்துக்கொண்டால், அந்த 3 செ.மீ. நீளமே பாதி வழுக்கையை மூடிவிடும். நடுவில் பழனிக்குப் போய் மொட்டை போடுவது இன்னும் உத்தமம். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய முடியே இருக்காது. வெட்டுப்பட்ட முடி மழுங்கிய முனையோடு வளர்ந்து வருவதால் அடர்த்தி கூடியதுபோல் தோன்றும். வேர்களின் எண்ணிக்கை மாறவில்லை என்பதை யாரும் கேட்கப்போவதில்லை.

சந்தோஷம் வேண்டாம், கவலைதான் வேண்டும் என்பவர்கள் தினமும் படம் எடுக்கலாம். நேற்றைய தலைக்கும் இன்றைய தலைக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. அதைப் பார்த்து மனம் உடைய வேண்டியதுதான். கூடவே, குளியலறைச் சல்லடையில் சிக்கிய முடியை எண்ணி எழுதுங்கள். நாளொன்றுக்கு நூறு வரை கொட்டுவது சாதாரணம். மூன்று நாள் தலைக்குக் குளிக்காதவருக்கு மூன்று நாள் முடியும் ஒன்றாகத்தான் வரும். எனவே எண்ணிக்கையை மட்டும் எழுதுங்கள், குளித்த நாளை எழுதிவிடாதீர்கள்.

இந்த முறையின் உச்சம் பிப்ரவரியில் வரும். ஜனவரி 1 அன்று ஒருவர் மருந்தைத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். சிலருக்கு இரண்டாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம் வரை முடி வழக்கத்தைவிட அதிகமாகக் கொட்டும். ஓய்வில் கிடந்த வேர்களை மருந்து மறுபடி வளர்ச்சிக்குத் திருப்பும்போது, அவற்றில் ஒட்டியிருந்த பழைய முடி விழுந்துவிடுகிறது. ஆக, பிப்ரவரிப் படம் ஜனவரிப் படத்தைவிட மோசமாக இருக்கும். நம் ஆள் “மருந்தே முடியைக் கொட்டவைக்கிறது” என்று கொட்டை எழுத்தில் எழுதி பாட்டிலைத் தூக்கி எறிவார். புதிய முடி கண்ணில் படுவதற்கே நான்கைந்து மாதம் ஆகும். தீர்ப்பு சொல்ல ஓராண்டு வேண்டும். அந்தத் தொல்லையெல்லாம் அவருக்கு மிச்சம்.

உண்மை தெரிந்தே ஆக வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பாடு சப்பென்றிருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதே அறை, அதே விளக்கு, தரையில் ஒட்டிய அதே டேப் மேல் நின்று, எண்ணெய் படாத உலர்ந்த தலையை அதே வகிடெடுத்துச் சீவி, முடிவெட்டி ஒவ்வொரு முறையும் அதே எண்ணிக்கை நாள் கழித்துப் படம் எடுக்க வேண்டும். முன்நெற்றி, இரு பொட்டுப் பக்கம், நடுத்தலை, உச்சி என்று எல்லாம் வேண்டும். செல்ஃபி கேமரா கிட்டத்தில் நெற்றியைப் பெரிதாக்கும், அழகூட்டும் வசதி சொட்டையை மெழுகும். ஆகவே பின்பக்கக் கேமராவை வீட்டில் ஒருவர் கையில் கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சுற்றிவந்த பிரதியில் எடுத்த தேதி தங்காது, மூலப் படத்தையே வைத்திருக்க வேண்டும். மருந்து தடவ மறந்த நாட்களையும் குறிக்க வேண்டும். வெட்கமான வேலைதான்.

கடைசியாக, படங்களை நீங்களே மதிப்பிடக் கூடாது. மருந்துச் சோதனைகளில் தலை அசையாமலிருக்கத் தாங்கி வைத்துப் படமெடுத்து, எது முந்தியது எது பிந்தியது என்று தெரியாத நிபுணர்களிடம் காட்டுகிற வழக்கம் உண்டு. உங்களுக்கு உங்கள் சலூன்காரர் போதும். தேதியை மறைத்து, வரிசையைக் கலைத்து, ஜனவரிப் படத்தையும் டிசம்பர்ப் படத்தையும் நீட்டுங்கள். எதில் முடி அதிகம் என்று அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். “இரண்டும் ஒண்ணுதான் சார்” என்றாலும் மருந்து தோற்றுவிட்டதாக எழுதிவிடாதீர்கள். ஆண்டுக்கு ஆண்டு ஏறும் வழுக்கை ஓராண்டு நின்ற இடத்திலேயே நிற்பதும் மருந்தின் பலனாக இருக்கலாம்.