குடம் வந்து சேரும்வரை

அடுக்குமாடிக் குடியிருப்பின் பொங்கல் விழாவில் தொகுப்பாளர் கையில் இருக்கும் தாள் பெரும்பாலும் உடற்கூறு பாடமாகத்தான் இருக்கும். நடனம் முடிந்தால் “கண்களுக்கு விருந்து படைத்தோம், இனி செவிகளுக்கு” என்பார். கோலப்போட்டிப் பரிசளிப்பு கைகளுக்கு, சாப்பாட்டு அறிவிப்பு வயிற்றுக்கு. உறுப்புகள் தீர்ந்தால்தான் விழா முடியும். என் கட்சி வேறு. இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே இருப்பது உவமை கேட்கும் இடைவெளி அல்ல. மேடையில் சாமான் மாற்றும் இடைவெளி. இணைப்புரையை அதை அளந்துதான் எழுதவேண்டும்.

சிறுமிகளின் பரதநாட்டியத்தை அடுத்து வில்லுப்பாட்டு என்று வைத்துக்கொள்வோம். நடனத்துக்குப் பென்டிரைவைச் செருகினால் போதும். இரண்டு வரிக்குமேல் பேசினால் அரைமண்டியில் நிற்கும் குழந்தைக்குக் கால் வலிக்கும். வில்லுப்பாட்டு அப்படியல்ல. ஜமுக்காளம் விரித்து, மண்குடத்தை நிறுத்தி, அதன்மேல் வில்லைச் சாய்த்துக் கட்டவேண்டும். உடுக்குக்கும் குடத்துக்கும் மைக்கைத் தரையோடு தாழ்த்தவேண்டும். நாலைந்து நிமிடம் போய்விடும். “இதோ வில்லுப்பாட்டு!” என்று முழங்கிவிட்டு ஒதுங்கினால், சபை பார்ப்பது குடத்துக்குப் பிரிமனை தேடும் ஒருவரைத்தான்.

அந்த நேரத்துக்குக் கழற்றிப் பூட்டக்கூடிய மூன்று துண்டுகள் எழுதிவைத்தால் போதும். இது திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கம் கோயில் கொடைகளில் பாடும் கலை என்பது ஒன்று. நாணில் தட்டும் வீசுகோலையும் வில்லில் குலுங்கும் மணியையும் கவனிக்கச் சொல்வது இரண்டு. முதன்மைப் பாடகர் சொல்லச் சொல்லப் பக்கப்பாட்டுக்காரர்கள் “ஆமா” போடுவார்கள். அதைச் சபைக்கும் பழக்கிவிடுவது மூன்று. மூன்றாவது ரப்பர் மாதிரி, எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம். அதோடு, பாட்டு தொடங்கும்போது சபை பாதிப் பாடகராகவே ஆகியிருக்கும்.

இதில் இலக்கிய நயம் இல்லை, ரயில் நிலைய அறிவிப்புபோல் இருக்கிறதே என்பார்கள். வண்டி எந்த நடைமேடையில் வருகிறது என்று சொல்வதால்தான் அந்த அறிவிப்பை எல்லாரும் காதுகொடுத்துக் கேட்கிறார்கள். முன் நிகழ்ச்சியையும் பின் நிகழ்ச்சியையும் முடிச்சுப் போடுவதுதானே தொகுப்பு என்பது இன்னொரு கேள்வி. நியாயம்தான், நிரல் அச்சடித்தபடி நடந்தால். சலங்கை ஒன்று காணாமல் போனால் நடனம் கடைசிக்குத் தள்ளப்படும். “இப்போது ஆடிய கால்களே” என்று தொடங்கும் தாள் அங்கேயே செத்துவிடும். அதனால் இணைப்புரை பின்னால் திரும்பாமல் முன்னால் மட்டும் பார்க்கட்டும். ஒரு நிகழ்ச்சிக்கு ஓர் அட்டை என்று எழுதினால், நிரல் மாறும்போது சீட்டுக்கட்டுபோல் மாற்றி அடுக்கிக்கொள்ளலாம்.

கலைஞரின் பெயரை மட்டும் எல்லா அட்டையிலும் கடைசி வரியாக வையுங்கள். ஒலிபெருக்கிக்காரர் தலையாட்டும்வரை அந்த வரியைப் படிக்காதீர்கள்.