கடின உழைப்பாளியைத் தேடி எவன் வர்றான், கண்ணு?

வா கண்ணு, உக்காரு. உன்ற லிங்க்ட்இன் பக்கத்தை உங்கம்மா போன்ல எடுத்துக் காட்டினா. படம் நல்லாத்தான் இருக்குது. படத்துக்குக் கீழ இருக்கற வரியைப் படிச்சப்பதான், இது நம்ம ஊட்டுப் புள்ளயா, எலெக்சனுக்கு நிக்கற ஆளான்னு சந்தேகமாப் போச்சு. "மெர்ச்சண்டைசர், பேஷனேட் புரொபஷனல், டைனமிக், ஹார்ட் ஒர்க்கிங், டீம் பிளேயர்." அடேயப்பா! ஞாயித்துக்கிழமையானா பத்து மணி வரைக்கும் போர்வைக்குள்ள கெடக்கற டைனமிக்கை நானுந்தான் பார்த்துட்டு இருக்கறேனே.

மூஞ்சியத் தூக்கி வெக்காதே. பனியன் கம்பெனி பர்சனல் ஆபீஸ்ல உக்காந்து அப்ளிகேசன் பிரிச்சுப் படிச்சே தலை நரைச்சவன் நான். கட்டுக் கட்டா வரும். அத்தனையும் கடின உழைப்பாளி. "ஐயா, நான் சுத்த சோம்பேறிங்க"ன்னு ஒருத்தனாவது எழுதுவானான்னு பார்த்தேன், ரிட்டயர்டு ஆகற வரைக்கும் வரலை. எல்லாரும் எழுதற வார்த்தையில ஆளை எப்படிக் கண்டுபிடிக்கறது? அதனால அந்த வரியைத் தாண்டித்தான் படிக்கவே ஆரம்பிப்பேன்.

இப்ப ஆள் தேடறவங்க அந்த வரிக்கு வர்றதே இல்ல. லிங்க்ட்இன்ல தேடற கட்டத்துல பதவியோட பேரு, தொழில் வார்த்தை, ஊரு, இப்படித்தான் அடிக்கறாங்க. மெர்ச்சண்டைசர், ஆர்கானிக், திருப்பூர்னு அடிப்பாங்க. பேஷனேட்னு அடிச்சு ஆள் தேடின எச்ஆர் யாராவது இருந்தாச் சொல்லு, நானே போயி மாலை போட்டுட்டு வர்றேன். மாட்டுச் சந்தைக்குப் போனவன் எத்தனை பல்லு, எத்தனாவது ஈத்து, வேளைக்கு எத்தனை லிட்டர்னு கேக்கறான். நீ "பாசமான மாடுங்க, எல்லா மாட்டோடயும் ஒத்துப் போகுமுங்க"ன்னு சொல்லிட்டு நிக்கற. மாட்டோட சேர்த்துப் பேசிட்டனேன்னு உங்கம்மாகிட்டப் போயிச் சொல்லாதே, எனக்கு மோர் கெடைக்காது.

சரி, காலேஜ் முடிச்ச கையோட எழுதின வரி அது. இப்ப சீனியர் ஆயிட்ட. இன்னிக்கு உன்ற கையில என்ன வேலை இருக்குது? "வழக்கமான வேலைதானுங்க அப்புச்சி"யா? இதத்தான் எல்லாரும் சொல்றாங்க. தினமும் செய்யறதனாலயே அது பெருசில்லைன்னு நெனைச்சுக்கறாங்க. போன மாசம் ராத்திரி பத்து மணிக்கு ஊட்டுக்கு வந்தயே, அது எதுக்குன்னு சொல்லு பார்க்கலாம்.

கேட்டயா? இப்ப வாயில வந்துச்சு பாரு. ஆர்கானிக் போலோ ஆர்டர். ஷிப்மெண்ட் போயாச்சு, டிரான்சாக்சன் சர்டிபிகேட் வரலை. அது கையில இல்லாம பையர் அந்தச் சரக்கை காட்ஸ் முத்திரையோட விக்க முடியாது. சர்டிபிகேட் குடுக்கறவங்க கணக்கு இடிக்குதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. வாங்கின நூல் 1,000 கிலோ. போன துணிமணி 860 கிலோன்னு எழுதியிருக்குது. கட்டிங் வேஸ்ட்டு, மத்த சேதாரமெல்லாம் சேர்த்து 180 கிலோ. கூட்டினா 1,040. ஆயிரம் கிலோ நூலு நாப்பது கிலோ குட்டி போடுமா?

எல்லாரும் சேதாரக் கணக்கைக் கொறைச்சு எழுதிச் சரிக்கட்டிறலாம்னு ரோசனை சொன்னப்ப, நீ பேக்கிங் லிஸ்ட்டைப் பிரிச்சு வெச்சுட்டு உக்காந்திருக்கற. பட்டன், லேபிள், பாலிபேக் எல்லாத்தோட எடையும் துணி எடையில கலந்து கெடந்திருக்குது, நாப்பது கிலோ. அதைப் பிரிச்சதும் 820. சேதாரம் 180. ஆயிரம் நேராயிருச்சு. அதுக்கப்பறம் ஒவ்வொரு ஆர்டருக்கும் துணி எடை தனி, மத்த சாமான் எடை தனின்னு ஒரு சீட்டும் போட்டுக் குடுத்திருக்கற. இப்ப கம்பெனியில ஆர்கானிக் ஆர்டர் எது வந்தாலும் டிசி வேலை உன்ற மேசைக்குத்தான் வருது.

அட கெரகமே, இத்தனையும் செஞ்சுட்டு "டீம் பிளேயர்"னு எழுதி வெச்சிருக்கற! இந்த வேலைக்குப் பேரு கம்ப்ளையன்ஸ், ட்ரேசபிலிட்டி. நீ போகோணும்னு ஆசப்படற எடமும் அதுதானே. 2011ல சாயத்தண்ணிக்காக ஐகோர்ட்டு திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னப்ப இந்த ஊரு பட்ட பாட்டை நான் பார்த்தவன். விதிப்படி நடக்கறோம்னு காகிதத்துல காட்டத் தெரிஞ்ச ஆளுக்கு என்ன வெலைன்னு அன்னிக்கே தெரிஞ்சு போச்சு.

இப்ப அந்தத் தலைப்பு வரியை இப்படி மாத்து:

```
Senior Merchandiser | Organic Knitwear Compliance: GOTS Transaction Certificates, Fibre-to-Garment Traceability
```

அந்தக் கட்டத்துல 220 எழுத்து வரைக்கும் விடுவான். இது அதுல பாதிதான் வருது. எடம் இருக்குதுன்னு ரொப்பாதே. நீ எங்கயாச்சும் கருத்துப் போட்டா உன்ற பேருக்குக் கீழ இந்த வரியில மொதக் கொஞ்சந்தான் தெரியும், மிச்சத்தை வெட்டிருவான். அதனாலதான் பதவி மொதல்ல, கம்ப்ளையன்ஸ் அதை ஒட்டி. சிலபேரு வாலுல கொண்டுபோயி நல்ல சங்கதியை வெக்கறாங்க, அது வெட்டுப்பட்ட பக்கத்துலயே போயிருது.

என்ன, "கம்ப்ளையன்ஸ் மேனேஜர்னே போட்டுக்கட்டுங்களா"வா? போடு. மொத இன்டர்வியூவுலயே "எத்தனை ஆடிட்டை நீங்க முன்னால நின்னு நடத்துனீங்க"ன்னு கேப்பான். அப்ப அப்புச்சியையா காட்டுவ? அதுவுமில்லாம, கீழ வேலை விவரத்துல சீனியர் மெர்ச்சண்டைசர்னு இருக்கும், மேல மேனேஜர்னு இருக்கும். அந்த ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கறதுதான் ஆள் எடுக்கறவன் செய்யற மொத வேலை. நானும் அதைத்தான் செஞ்சேன். பதவி உள்ளபடியே இருக்கட்டும். போற தெசையை வேலையோட பேரு சொல்லட்டும்.

அடுத்தது அந்த அபௌட் பகுதி. நீ எழுதியிருக்கறதைப் படிச்சேன். "சவாலான சூழலில் என் திறமைகளை முழுமையாகப் பயன்படுத்தி நிறுவனத்தின் வளர்ச்சிக்கு"ன்னு போகுது. பாதியில எனக்குக் கொட்டாவி வந்துருச்சு. அங்க 2,600 எழுத்து எடமிருக்குது, ஆனா மொத ரெண்டு மூணு வரி மட்டுந்தான் கண்ணுல படும். மிச்சத்தைப் படிக்கோணும்னா அவனே விரல் வெச்சு அமுக்கோணும். அமுக்க வெக்கறது அந்த மூணு வரியோட பாடு. நீ அதுல சவாலான சூழலை வெச்சிருக்கற. இப்படி எழுதிப் பாரு, இங்கிலீஸ்ல நீயே மாத்திக்க:

"திருப்பூர்ல ஆர்கானிக் பின்னலாடை ஆர்டர்களைக் கையாளுகிறேன். பஞ்சுல இருந்து பெட்டி வரைக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்குக் காட்டி, டிரான்சாக்சன் சர்டிபிகேட் வாங்குவது என் பொறுப்பு. ஒரு போலோ ஆர்டரில் எடை பொருந்தாமல் சர்டிபிகேட் நின்றது. உதிரிப் பொருட்களின் எடை துணி எடையில் கலந்திருந்ததைக் கண்டுபிடித்துச் சரிசெய்தேன். இப்போது எங்கள் ஆர்கானிக் ஆர்டர்கள் எல்லாவற்றுக்கும் நான் வகுத்த எடைப் படிவத்தையே பயன்படுத்துகிறோம். நூல் மில், சாயப்பட்டறை, தையல் யூனிட் மூன்றிலும் ஆவணங்களைச் சரிபார்த்த அனுபவம் உண்டு. சப்ளை செயின் கம்ப்ளையன்ஸில் இன்னும் ஆழமாக வேலை செய்ய விரும்புகிறேன்."

பாரு, நல்லவ வல்லவன்னு ஒரு வார்த்தை இல்ல. படிக்கறவன் அதைத் தானே சொல்லிக்குவான். பையர் பேரு, ஆர்டர் நெம்பரு, கிலோக் கணக்கு எதையும் அங்க எழுதிப்போடாதே. எங்கிட்டச் சொன்னது திண்ணைப் பேச்சு. அங்க எழுதினா உன்ற முதலாளியோட யாவாரத்தை ஊரறிய விரிச்ச மாதிரி, அடுத்த கம்பெனிக்காரனே "நாளைக்கு நம்ம சங்கதியும் இப்படித்தான் வெளிய போகும்"னு பயந்துக்குவான். எம்எஸ் ஆபீஸ் தெரியும்னு கடைசியில போட்டிருக்கற பாரு, அதையும் எடுத்துரு. சீனியர் மெர்ச்சண்டைசருக்கு எக்செல் தெரியலைன்னாத்தான் சேதி.

முதலாளி பார்த்துருவாரேன்னு பயமா? பார்க்கட்டுமே. மேல எழுதினது எதுவும் வேலை தேடறேன்னு சொல்லலை, செய்யற வேலையைத்தான் சொல்லுது. கடைசி வரியைக் கூட ஆர்வமுள்ள புள்ளன்னுதான் எடுத்துக்குவாரு. வேலை தேடறதைச் சொல்ல Open to work னு தனியா ஒண்ணு இருக்குது. அதை எல்லாருக்கும் காட்டுன்னு வெச்சா உன்ற படத்தைச் சுத்திப் பச்சை வளையம் வந்துரும், மறுநாள் கேண்டீன் வரைக்கும் தெரிஞ்சு போகும். ஆள் எடுக்கறவங்களுக்கு மட்டும் காட்டுன்னும் வெக்கலாம். உன்ற கம்பெனி ஆள் எடுக்கறவங்களுக்குக் காட்டாம இருக்க முயற்சி பண்றோம்னுதான் அவனே சொல்றான், சத்தியம் பண்ணலை. நம்ம ஊருல பாதி எச்ஆர் ஒருத்தருக்கொருத்தர் ஒறம்பரை. அதனால அந்தப் பொத்தானைப் பொட்டாட்ட விட்டுரு, தலைப்பே போதும். வேலை விவரத்துல எதையாச்சும் திருத்தறப்ப Notify network னு இருக்கும். அதை அணைச்சுட்டுத் திருத்து. இல்லீனா நீ எழுத்துப்பிழை திருத்தினதுக்கு ஊரே வாழ்த்துச் சொல்லும்.

மாத்தின மறுநாளே யாரும் கூப்பிடலைன்னு மறுபடி மாத்தாதே. ரெண்டு மூணு வாரம் விடு. தேடல்ல நீ எத்தனை தடவை வந்த, தேடினவங்க என்ன வேலையில இருக்கறவங்கன்னு லிங்க்ட்இன்னே ஒரு கணக்குக் காட்டும். எண்ணிக்கை ஏறுதான்னு பார்த்துட்டு இருக்காதே, அதுல ஒண்ணுமில்ல. யார் வர்றாங்கன்னு பாரு. கம்ப்ளையன்ஸ், சோர்சிங், சர்டிபிகேசன் ஆளுங்க வர ஆரம்பிச்சா வரி வேலை செய்யுது. இன்னும் மெர்ச்சண்டைசர் எடுக்கறவங்களே வந்துட்டு இருந்தா, அபௌட்டோட மொத மூணு வரியையும் வேலை விவரத்தையும் அந்தப் பக்கமா இன்னும் திருப்பி எழுது.

ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்க. ஆடிட்டர் வேலைக்கு அந்தப் படிப்பு படிச்சுத்தான் ஆகோணும், தலைப்பு வரி அதுக்கு ஈடாகாது. நல்லா எழுதின பக்கமும் தானா எந்திரிச்சுப் போயி வேலை கேக்காது. போயிப் பொழுதோடயே மாத்திரு. மாத்திட்டு, நீ போகோணும்னு நெனைக்கற அஞ்சு கம்பெனியில கம்ப்ளையன்ஸ் பார்க்கறவங்களுக்கு நீயே நாலு வரி எழுதிப் போடு.