இணைப்பு மாஸ்டர்

பசறை, லுணுகலை, ஹாலிஎல என்று பதுளையைச் சுற்றி எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் ஓர் இணைப்பு மாஸ்டர் இருப்பார். தோட்டப் பாடசாலையில் படிப்பிப்பவர். குடை மறந்தாலும் பைலை மறக்கமாட்டார். பைலுக்குள் இருப்பது மனைவியின் குடல்வால் ஒப்பரேஷன். தையல் ஆறி, அந்த அம்மா கொழுந்து மலையும் ஏறிவிட்டார். காப்புறுதிக் காசுதான் இன்னும் மலையேறவில்லை.

முதலில் அசல் பில்லைக் கேட்டார்கள், அனுப்பினார். பிறகு டயக்னோசிஸ் கார்ட், அதுவும் போனது. அடுத்தது பெயர்ப் பிரச்சினை. சரஸ்வதி என்ற பெயர் வங்கிப் புத்தகத்தில் 'ஐ'யிலும் ஆஸ்பத்திரி பில்லில் 'வை'யிலும் முடிகிறதாம். இருவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி முடித்து அனுப்பினார். அதற்கு வந்த பதில்: "தயவுசெய்து அசல் பில்லை அனுப்பவும்."

வேறொருவர் என்றால் சத்தம் போட்டிருப்பார். மாஸ்டர் பேனையைத் திறந்தார்.

"ஐயா, தாங்கள் கேட்பவை யாவும் தங்களிடமே உள்ளன.

1. அசல் பில்கள் 4. மார்ச் 3, பதிவுத் தபால். தபால் பற்றுச்சீட்டின் பிரதி: இணைப்பு அ.

2. டயக்னோசிஸ் கார்ட். மார்ச் 24, கிளையில் நேரில் ஒப்படைத்தது. தங்கள் முத்திரையிட்ட பிரதி: இணைப்பு ஆ.

3. எனக்கு மனைவி ஒருவரே என்பதற்கான சத்தியக் கடதாசி. ஏப்ரல் 21, பதிவுத் தபால். பற்றுச்சீட்டின் பிரதி: இணைப்பு இ.

அசல் பில் ஒருமுறைதான் பிறக்கும். ஆகவே ஆஸ்பத்திரி முத்திரையிட்ட பிரதி: இணைப்பு ஈ. இன்னும் ஏதும் வேண்டுமாயின் அனைத்தையும் ஒரே கடிதத்தில் கேட்கவும். பணம் தர இயலாதெனில் காரணத்தை எழுத்தில் தரவும்."

மாஸ்டரின் மூளை இருப்பது அந்தக் கடைசி வரியில்தான். காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போனால், முதலில் கம்பனியிடம் முறையிட்டீர்களா, என்ன சொன்னார்கள் என்றுதான் கேட்பார்கள். 'பரிசீலனையில் உள்ளது' என்ற பதிலை வைத்துக்கொண்டு யாரோடு வாதாடுவது?

காகிதம் தொலைகிற விதமும் அவருக்கு அத்துப்படி. கடித உறையைக் கிழிப்பவர் ஒருவர், பைலில் கோப்பவர் இன்னொருவர். இலக்கம் இல்லாத தாள் இடையில் அநாதையாகிவிடும். அதனால் ஒவ்வொரு தாளின் வலது மூலையிலும் கோரிக்கை இலக்கத்தை எழுதுவார். பாமசி மெஷின் துப்புகிற வழுவழுப்பான பில்லில் எழுத்து சில மாதத்திலேயே வெளிறிப்போகும் என்பதால், வாங்கிய அன்றே போட்டோகொப்பி.

இந்தப் புகழ் லயமெல்லாம் பரவி, இப்போது ஊரார் தங்கள் கடதாசிகளோடு அவர் வாசலில் நிற்கிறார்கள். மாஸ்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறார்.

"ஐடென்டிட்டி கொப்பி எங்க?"

"போன கிழமையே ஒங்க கையில குடுத்தேனே மாஸ்டர்!"

"குடுத்ததுக்கு என்ன அத்தாட்சி?"