டீக்கடை பெஞ்சும் பத்து நிமிடமும்

தொண்ணூறுகளில் திருப்பூருக்கு அட்டைப்பெட்டி விற்கப் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு புதிய கம்பெனிக்குக் கடிதம் எழுதுவதற்கு முன்னால் அதற்கு எதிரே இருக்கும் டீக்கடையில் ஒரு முற்பகல் முழுக்க உட்கார்ந்திருப்பேன். வேலையும் அதுதான், வேலையில் கிடைத்த சுகமும் அதுதான். அந்தக் காலத்தில் விற்பனைப் பையைத் தூக்கிய எல்லோருக்கும் இப்படி ஓர் இடம் நினைவிருக்கும். மருந்து விற்றவருக்கு ஆஸ்பத்திரி வராந்தா, உதிரிபாகம் விற்றவருக்குப் பட்டறை வாசல், எனக்கு அந்தப் பெஞ்சு.

பெஞ்சில் இருந்தபடியே பார்த்தால் கம்பெனி வாசலில் லாரிக்கு லோடு ஏறுவது தெரியும். பெட்டியின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் ஷிப்பிங் மார்க்கைப் படித்தாலே சரக்கு ஹாம்பர்க் போகிறதா, ரோட்டர்டாம் போகிறதா, ஒரு பெட்டிக்கு எத்தனை உருப்படி, மொத்த எடை என்ன என்பதெல்லாம் விளங்கிவிடும். அதைவிட நான் ஆவலாகப் பார்ப்பது அடுக்கின் கீழ்வரிசையை. அங்கே பெட்டிகள் வயிறு தள்ளி நின்றால் ஒன்று அட்டை பலமில்லை, அல்லது பனியனை அளவுக்கு மேல் திணித்திருக்கிறார்கள். தூத்துக்குடியில் கப்பலேறி வாரக்கணக்கில் கடல் ஈரத்தில் போகிற பெட்டி அது. ஈரம் குடித்த அட்டை சுமை தாங்கும் பலத்தை இழந்துவிடும் என்பதால், திருப்பூரிலேயே வயிறு தள்ளியது அங்கே போய்ச் சேரும்போது எப்படி இருக்கும் என்று எனக்கு மனசு பதறும். பதினோரு மணிக்கு பேக்கிங் செக்‌ஷன் பையன்கள் டீக்கு வருவார்கள். “பொட்டி போன வாரமே வந்திருக்கோணுங்க, இன்னும் வர்லீங்க” என்று அவர்களில் ஒருவன் மாஸ்டரிடம் சொல்வது காதில் விழுந்தால், அன்றைய கடிதத்தின் முதல் வரி எனக்குக் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

இன்று அதே வேலையைக் கோவையில் வீட்டு மேசையில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் முடிக்கிறேன். அந்த முதல் வரி எங்கே கிடைக்கும் என்று தேடுகிற கண் மட்டும் அன்றைக்கு இருந்த அதே கண்தான். ஒரு கம்பெனியை எடுத்துச் சொன்னால்தான் இது புரியும். குழந்தைகள் உடுப்பு ஏற்றுமதி செய்யும் ஒரு நடுத்தரக் கம்பெனி என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

முதல் நான்கு நிமிடம் அவர்களுடைய இணையதளத்துக்கு. முகப்பில் ஓடும் படங்களையும் “எங்களைப் பற்றி” பக்கத்தையும் தாண்டிவிடுவேன்; அங்கே எல்லாக் கம்பெனியும் ஒரே கம்பெனிதான். பொருட்கள் பக்கத்தில் பச்சிளங்குழந்தை ரோம்பர், பாடிசூட் என்று சின்னச் சின்ன உருப்படிகள். சான்றிதழ் பக்கத்தில் காட்ஸ் என்னும் ஆர்கானிக் ஜவுளிச் சான்று. என் தொழிலுக்கு இது முக்கியம், ஏனென்றால் அந்த விதிமுறை துணியோடு நின்றுவிடுவதில்லை: சில்லறை விற்பனைக்குப் போகும் பேக்கிங்கில் உள்ள காகிதமும் அட்டையும் மறுசுழற்சி செய்ததாகவோ, முறையாகப் பராமரிக்கும் காட்டிலிருந்து வந்ததென்று சான்று பெற்றதாகவோ இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் இணையதளத்தில் தொங்கும் சான்றிதழை நம்பி எழுதிவிடக் கூடாது. ஆண்டுக்காண்டு புதுப்பிக்க வேண்டிய சான்று அது. பக்கத்தை ஏற்றியவர் அதன்பின் அந்தப் பக்கமே வராமல் போயிருக்கலாம். சான்று பெற்றவர்களின் பொதுப் பட்டியலில் பெயரைத் தட்டிப் பார்க்க அரை நிமிடம் போதும். பார்த்தேன், இருந்தது.

கடைசியாக வேலைவாய்ப்புப் பக்கம். எனக்கு இதுதான் இன்றைய டீக்கடை பெஞ்சு. கம்பெனி தன்னைப் பற்றிப் பெருமை பேசாமல், தனக்கு என்ன தேவை என்று பேசுகிற ஒரே இடம். அங்கே பேக்கிங் சூப்பர்வைசர் வேண்டும், இணைய விற்பனை ஆர்டர்களில் அனுபவம் இருந்தால் நல்லது என்று போட்டிருந்தார்கள்.

அடுத்த நான்கு நிமிடம் பொதுவில் போட்ட பதிவுகளுக்கு. லிங்க்ட்இனில் கம்பெனியின் பக்கத்தையும், முதலாளி தொழில் குறித்து எழுதியதையும் கடந்த மூன்று மாத அளவுக்குப் பார்ப்பேன். அதற்கு முந்தையது பழங்கதை. மகள் கல்யாணம், குலதெய்வக் கோயில் கிடா வெட்டு இதெல்லாம் கண்ணில் பட்டாலும் கடிதத்தில் வரக் கூடாது. டீக்கடையில் காதில் விழுந்த குடும்பச் செய்தியை அந்தக் காலத்திலும் நான் எழுதியதில்லை. முன்பின் தெரியாதவன் வீட்டு விசேஷத்தை விசாரித்தால் யாருக்கும் கூசத்தான் செய்யும். இணைய வழியில் விற்கும் ஒரு வாடிக்கையாளருக்கு முதல் லோடு கிளம்புகிறது என்று ஒரு பதிவும், லாரிப் படமும் இருந்தன. படத்தைப் பெரிதாக்கிக் கீழ்வரிசையைப் பார்த்தேன். லேசாக வயிறு தள்ளித்தான் நின்றன.

மிச்சம் இரண்டு நிமிடத்தில் நோட்டில் இரண்டு வரி எழுதுவேன். ஒன்று, கண்ணால் பார்த்தது. இன்னொன்று, அதிலிருந்து நான் ஊகிப்பது. இரண்டையும் ஒரே வரியில் கலக்கவிட்டால் கடிதம் கெட்டுவிடும். பார்த்தது: இணைய விற்பனைக்கு முதல் லோடு, பேக்கிங்குக்கு ஆள் தேடல். ஊகம்: கடைக்குப் போகிற ஆர்டரில் ஒரே அளவுப் பெட்டி ஆயிரக்கணக்கில் போகும், இதில் பல அளவுகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேவைப்படும், பழைய சப்ளையர் குறைந்த எண்ணிக்கைக்கு மசிய மாட்டார். வயிறு தள்ளியதை மட்டும் நோட்டோடு நிறுத்திக்கொண்டேன். பெருமையாகப் போட்ட படத்தில் குறை கண்டுபிடித்துச் சொல்கிறவனிடம் யாரும் பெட்டி வாங்க மாட்டார்கள்.

கடிதம் இப்படிப் போனது: “இணைய விற்பனைக்கு உங்கள் முதல் லோடு கிளம்பிய பதிவைப் பார்த்தேன், வாழ்த்துகள். இத்தகைய ஆர்டர்களில் பல அளவுப் பெட்டிகள் குறைந்த எண்ணிக்கையில் தேவைப்படுவது சிரமம் தருகிறதா? அளவுக்கு இருநூறு பெட்டி என்றாலும், சான்று பெற்ற அட்டையில், ஐந்து பிளையில் செய்து தருகிறோம். பேக்கிங் பொருள் வாங்குவதை உங்களிடம் யார் பார்க்கிறார்கள் என்று சொன்னால் அவரிடம் பேசுகிறேன்.” அனுப்பும் முன் ஒரு சோதனை உண்டு: கம்பெனி பெயரை மாற்றிவிட்டு அடுத்த தெருக் கம்பெனிக்கு இதையே அனுப்பலாம் என்றால், அந்தப் பத்து நிமிடம் கடிதத்துக்குள் வந்து சேரவில்லை.

பதினோராவது நிமிடத்துக்கு நான் போவதில்லை. தேடத் தேட ஏதாவது வந்துகொண்டேதான் இருக்கும்; தெரிந்ததையெல்லாம் எழுதவும் கை துறுதுறுக்கும்; படிக்கிறவருக்கோ வேவு பார்த்ததைப் போல இருக்கும். இணையதளம் பழசாக, பதிவே இல்லாமல் கிடக்கிற கம்பெனிகளும் திருப்பூரில் நிறைய. அவர்களுக்கு, எல்லாம் தெரிந்ததைப் போல நடிக்காமல், நாங்கள் செய்வது இது, உங்களுக்குத் தேவைப்படுமா என்று நேராகக் கேட்டு எழுதுவேன்.

அந்தக் கம்பெனியிலிருந்து இரண்டாம் நாள் பதில் வந்தது. அளவு பிரச்சினையில்லை, பெட்டியின் மேல் பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டும் இடத்தில் அச்சு குறுக்கே வருகிறது, அதைத் தள்ளிப் போட்டுத் தர முடியுமா என்று பர்ச்சேஸ் பார்க்கும் பெண் எழுதியிருந்தார். ஊகத்தைக் கேள்வியாக எழுதினால் இந்த வசதி உண்டு, படிக்கிறவர் திருத்திச் சொல்ல இடம் இருக்கும். பேக்கிங் பையன்கள் இருந்திருந்தால் இதை முதல் டீயிலேயே சொல்லியிருப்பார்கள். ஸ்டிக்கர் ஒட்டுகிற கை அவர்களுடையது. எந்த இணையதளத்திலும் அவர்களுக்கு ஒரு பக்கம் இல்லை. ஆகவே, “சாம்பிள் பெட்டியோடு வியாழக்கிழமை நேரிலேயே வருகிறேன், பேக்கிங் செக்‌ஷனில் வைத்துப் பார்த்துவிடலாம், பதினோரு மணிக்கு வரட்டுமா?” என்று கேட்டுப் பதில் எழுதினேன்.