நாலு மணிக்கு எழுகிறவன்

நேற்று ராத்திரி படுக்கப் போகிற நேரத்தில் அக்கா மகன் வாட்ஸ்அப்பில் ஒரு பி.டி.எஃப் அனுப்பினான். பன்னிரண்டு பக்கம். முதல் பக்கத்தில் சிங்கம், இரண்டாம் பக்கத்தில் அவன், மூன்றாம் பக்கத்தில் சிங்கமும் அவனும். “மாமா, நம்ம நாகமலை புதுக்கோட்டைக் கடைகள்ல ஸ்பான்சர் கேக்கப் போறேன். பயோ எப்படி இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க.” பையன் 400 மீட்டர் ஓடுகிறான். நன்றாகவே ஓடுகிறான். அதனால்தான் எரிச்சல் கூடுதலாக இருக்கிறது.

இந்தக் காகிதத்தில் உண்மையில் முக்கியமானது ஒன்றே ஒன்றுதான்: கடைக்காரரிடம் எவ்வளவு கேட்பது. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் நான்காம் பக்கம். ‘அதிகாலை 4 மணிக்கு எழுந்து பயிற்சி’ என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறான், பக்கத்தில் ஒரு அலாரம் கடிகாரப் படத்தோடு.

யாரிடம் சொல்கிறான் இதை? தேனி ரோட்டு டீக்கடைக்காரரிடம். அவர் அடுப்பைப் பற்றவைக்கிறபோது மணி மூன்றரை. காய்கறிக் கடைக்காரர் அந்நேரம் பரவை மார்க்கெட்டில் தக்காளிக் கூடையை உதறிப் பார்த்துக்கொண்டிருப்பார். பூக்காரம்மா மாட்டுத்தாவணியில் மல்லிகை விலையைக் கேட்டுத் திட்டிக்கொண்டிருப்பார். இட்லிக் கடை அக்கா முதல் ஈடு எடுத்தாகிவிட்டது. பால்காரர் பாதி ஊரை முடித்துவிட்டார். கறிக்கடை பாய் ஞாயிற்றுக்கிழமை என்றால் தூங்கவே மாட்டார். முதல் பஸ் டிரைவர், பேப்பர் போடுகிற பையன், புரோட்டாவுக்கு மாவு பிசைகிற மாஸ்டர், கோயிலில் நடை திறக்கிற பூசாரி, மூட்டுவலியால் தூக்கம் போன என் மாமியார் உட்பட இந்த ஊரே நாலு மணிக்கு எழுந்து ஒரு ரவுண்டு வேலை முடித்து இரண்டாவது டீ குடிக்கிறது. அவர்களில் ஒருவருக்கும் பி.டி.எஃப் கிடையாது. அவர்கள் முன்னால் போய் ‘நான் நாலு மணிக்கு எழுகிறேன், ஆகவே பணம் தருக’ என்றால், “ஏன் தம்பி, இவ்வளவு லேட்டு?” என்று கேட்பார்கள். ஊரில் நாலு மணிக்கு எழாத ஒரே ஆள் நான்தான். இந்த வரி என்னிடம் மட்டும்தான் எடுபடும், என்னிடம் பணம் இல்லை.

ஒழுக்கத்தைக் காட்ட வேண்டுமென்றால் நோட்டைக் காட்டலாம். 300 மீட்டர் மூன்று முறை, நடுவில் பத்து நிமிஷம் ஓய்வு. ஜூனில் அந்த மூன்றாவது 300-ல் எத்தனை வினாடி, செப்டம்பரில் எத்தனை என்று இரண்டு எண் போதும். 400 மீட்டர்காரன் கடைசி நூறில்தான் செத்துப் பிழைக்கிறான். களைத்த பிறகு ஓடிய மூன்றாவது ஓட்டம் வேகமாகியிருந்தால் அவன் உழைத்திருக்கிறான் என்று பொருள். கணக்கு நோட்டைப் பார்த்தே வாழ்கிற கடைக்காரருக்கு இது சட்டென்று புரியும்.

சாதனைப் பக்கத்துக்கு வந்தேன். ‘இரண்டாம் இடம்’ என்று நாலு இடத்தில் இருக்கிறது. எத்தனை பேரில் என்று எங்கும் இல்லை. “மாப்ளே, அந்த ஹீட்டில் எத்தனை பேர்?” என்று கேட்டேன். நீல டிக் விழுந்தது, பதில் விழவில்லை. அடுத்தது ‘48.9 வினாடி’. தசமத்துக்குப் பின்னால் ஓர் இலக்கம் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் கோச் கட்டைவிரலால் எடுத்த நேரம். துப்பாக்கிப் புகையைப் பார்த்து விரல் அமுங்கக் கொஞ்சம் தாமதமாகும். முடிவுக் கோட்டிலோ ஆள் வருவது முன்பே தெரிவதால் தாமதம் குறைவு. வித்தியாசம் ஓடியவனுக்கு லாபம். அதனால் 400 மீட்டரில் கைக்கடிகார நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட 0.14 வினாடி கூட்டுவது வழக்கம். கூட்டிப் பாருங்கள், 49.04. சிங்கம் போட்ட பக்கம் நாற்பத்தொன்பதைத் தாண்டிவிட்டது. கோபித்துக்கொண்டான்.

நம்ம ஊர்ப் பெண்ணையே பார்க்கச் சொன்னேன். சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி. பாட்டி ஆரம்மாள் வளர்த்தது. தொடக்கத்தில் வெறுங்காலில் ஓட்டம். பயிற்சியாளர் கண்ணன் பாட்டியைச் சம்மதிக்க வைத்து, லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியும் வாங்கித் தந்தார். 2021-ல் பாட்டியாலாவில் 400 மீட்டரை 53.55 வினாடியில் முடித்து, டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்பு 4x400 தொடர் ஓட்டத்தில் ஓடினார். அணி தன் ஹீட்டில் கடைசி, 3 நிமிடம் 19.93 வினாடி. அதையும் எழுதலாம், குறைச்சல் ஒன்றும் இல்லை. எந்த ஊர், எந்த ஆண்டு, எத்தனை வினாடி, எத்தனையாவது. அரைப் பக்கத்தில் முடிகிறது. சிங்கத்துக்கு இடமே இல்லை.

அப்புறம் ‘ரசிகர் பலம்’. இன்ஸ்டாகிராமில் நாலாயிரம் பேராம். ஊர்வாரியாகப் பார்க்க அதிலேயே வசதி உண்டே என்று பார்க்கச் சொன்னேன். பாதிப் பேர் பஞ்சாபிலும் ஹரியானாவிலும் இருக்கிற சக ஓட்டக்காரர்கள். ரோத்தக்கில் இருக்கிற பையன் நாகமலை புதுக்கோட்டைக்கு வந்து மசாலா பால் குடிக்கப் போவதில்லை. ஆனால் இவன் தினமும் கீழக்குயில்குடி சமணர் மலைப் பக்கம் ஓடுகிறபோது அங்கே நடக்கிற ஐம்பது வயதுக்காரர்களைப் பயோவில் காணோம். சர்க்கரை, மூட்டுவலி, கண்ணாடி பவர் மாற்றம் எல்லாம் உள்ள கூட்டம் அது. ரத்தப் பரிசோதனை லேபுக்கும் கண்ணாடிக் கடைக்கும் அவர்களைவிட நல்ல வாடிக்கையாளர் கிடையாது. இவன் முதுகில் லேப் பெயரைப் போட்டுக்கொண்டு அவர்களை முந்திக்கொண்டே இருந்தால் போதும். முதுகுதான் அவர்களுக்குத் தெரியும்.

கடைக்காரருக்கு இன்னொரு லாபமும் உண்டு. நன்கொடையாகக் கொடுத்தால் தர்மம். விளம்பரத்துக்கென்று கொடுத்தால் வியாபாரச் செலவு, கணக்கில் எழுதலாம். அதற்கு ஒழுங்கான ரசீது வேண்டும். பன்னிரண்டு பக்கத்தில் ரசீது தருவேன் என்று ஒரு வரி இல்லை. சிங்கம் மூன்று தடவை.

எவ்வளவு கேட்பது என்று சொல்ல வாயெடுத்தேன், இன்று காலை அவனே ஒரு ஸ்டேஷனரி கடைக்குப் போய்விட்டான். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, “தேசியப் போட்டியில என் கடை பேரு டிவியில தெரியுமா?” தெரியாது. அங்கே மாநிலத்தின் பனியன். நெஞ்சில் குத்துகிற எண் அட்டையில் போட்டி நடத்துகிறவர்களின் விளம்பரம். இதைப் பயோவில் முன்கூட்டியே எழுதுடா என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். பயிற்சிப் பனியன், உள்ளூர்ப் போட்டி, கடைத் திறப்பு விழா, இவ்வளவுதான் விற்க முடியும். மறைத்து வாங்கினால் அடுத்த வருஷம் அந்தப் பக்கம் போக முடியாது.

கடைக்காரர் விடவில்லை. “பனியன்ல இடமில்லைன்னா கையில எழுதிக்க.” 2012-ல் அமெரிக்காவின் 800 மீட்டர்காரர் நிக் சிமண்ட்ஸ் தன் தோள்பட்டையை இபேயில் ஏலம் விட்டார். ஒரு விளம்பர நிறுவனம் 11,100 டாலருக்கு எடுத்தது. போட்டிகளில் விதிப்படி அந்த எழுத்தின்மேல் டேப் ஒட்டி மறைத்துக்கொண்டு ஓடினார். டேப் ஒட்டியதுதான் செய்தியாகி அந்த நிறுவனத்துக்குப் பேர் கிடைத்தது. இந்தக் கதையை இவன் அங்கே சொன்னதுதான் தாமதம், கடைக்காரர் குஷியாகிவிட்டார். எங்க கடையில டேப்பும் இருக்கு, எழுதுறதுக்கும் ஒட்டுறதுக்கும் சேத்து எவ்வளவு ஆகும் என்கிறார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்திருக்கிறான்.